நாளும் மண்டபமும்: ஸ்ரீரங்க விழாப் பதிவுகளில் ஒரு காட்சியைத் தேடி எடுப்பது எப்படி?

ஸ்ரீரங்கத்தில் 2022-ஆம் ஆண்டு வைகுண்ட ஏகாதசி வரவே இல்லை. 2023-இல் ஜனவரி 2-ஆம் தேதி ஒன்று, டிசம்பர் 23-ஆம் தேதி இன்னொன்று என இரண்டு வந்தன. 2024-இல் மறுபடியும் இல்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என மீண்டும் இரண்டு. 2021-இலோ மற்றத் தலங்களெல்லாம் அடுத்த ஜனவரி 13-ஐ எதிர்பார்த்திருக்க, ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை மாதத்திலேயே, டிசம்பர் 14 அன்று, பரமபதவாசல் திறந்தாயிற்று. தை மாதத் தேர்த் திருவிழாவோடு நாள்கள் மோதும் ஆண்டுகளில், அதாவது 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏகாதசி இப்படி முன்னால் நகர்வது அந்தக் கோயிலின் வழக்கம்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விழாவின் வீடியோக்களை ஆண்டு வாரியாகப் போல்டர் போட்டு அடுக்கி வைத்திருப்பவருக்கு இது பெரிய சிக்கல். ‘2022 ஏகாதசி’ என்று கேட்பவருக்கு எதைக் கொடுப்பது? டிசம்பரில் தொடங்கிய விழா ஜனவரியில் முடிந்தால் அதை எந்த ஆண்டில் வைப்பது? தமிழ் ஆண்டால் பிரித்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி, விசுவாவசு என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஏகாதசி ஒழுங்காக வந்து நிற்கிறது. பெரிய வீடியோத் தொகுப்பு ஒன்றைத் தேடத்தக்கதாக்கும் வேலைக்கு இன்று மூன்று வழிகள் பேசப்படுகின்றன: பேச்சை எழுத்தாக்குவது, குறிச்சொல் இடுவது, காட்சியை எண்களாக்குவது. திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து விழாப் பதிவுகளை வைத்து இந்த மூன்றையும் எடைபோட்டால், பழையதும் கைவேலையுமான குறிச்சொல்தான் முதுகெலும்பாக நிற்க வேண்டும், மற்ற இரண்டும் அதைப் பற்றித்தான் ஏற வேண்டும் என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

குறிச்சொல்லுக்கு உலகில் நல்ல முன்மாதிரி, அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை. யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை ஐம்பதாயிரத்துக்கும் மேல் படம்பிடித்த அவர்கள், ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத் துண்டுகளாக்கி, கட்டுப்படுத்திய சொற்பட்டியல் ஒன்றிலிருந்து ஆட்களைக் கொண்டே குறிச்சொல் இட்டார்கள். செலவு மிகுந்த வழி. அங்கே ஒவ்வொருவர் கதையும் வேறு. அடுத்த நிமிடத்தில் என்ன வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே விழாவே ஒரு நிகழ்ச்சி நிரல். திருநெடுந்தாண்டகம் முடிந்ததும் பகல் பத்து, பிறகு இராப்பத்து. பகல் பத்துக்கு நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளுவார். இராப்பத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபம். பகல் பத்தின் பத்தாம் நாள் மோகினி அலங்காரம். மறுநாள் ஏகாதசி, ரத்னாங்கி. இராப்பத்து ஏழாம் நாள் கைத்தல சேவை, எட்டாம் நாள் மணல்வெளியில் திருமங்கை மன்னன் வேடுபறி, நிறைவில் நம்மாழ்வார் மோட்சம்.

ஆகவே ஒரு வீடியோவுக்குத் தமிழ் ஆண்டு, விழா நாள், இடம் ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் அதனுள் என்ன இருக்கும் என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். மூன்று மணி நேரப் பதிவுக்கு இந்த மூன்றையும் இட ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். அதற்கு மேல் ‘புறப்பாடு’, ‘அரையர் சேவை’, ‘கோஷ்டி’, ‘மரியாதை’ என்று இருபது முப்பது சொற்களில் ஒரு பட்டியல் வைத்து, பகுதி மாறும் நேரங்களை மட்டும் குறித்தால் போதும். சொர்க்கவாசல், பரமபதவாசல் இரண்டும் ஒன்றே என்பதையும், நம்பெருமாளும் அழகிய மணவாளனும் ஒருவரே என்பதையும் ஓர் இணைச்சொல் அட்டவணையில் எழுதிவிட வேண்டும். இந்தப் பட்டியலைத் திறந்து விட்டுவிடக் கூடாது. ஆளுக்கொரு சொல்லைச் சேர்க்க விட்டால் ஓர் ஆண்டுக்குள் ‘சொர்கவாசல்’, ‘சுவர்க்க வாசல்’, ‘வாசல் திறப்பு’ என மூன்று வரிசைகள் முளைத்து, ஒன்றில் தேடுபவர் மற்ற இரண்டையும் இழப்பார்.

அடுத்தது எழுத்துப்படி. ஒளிபரப்பில் வர்ணனையாளர் பேசுகிறார். அந்தப் பேச்சை எழுத்தாக்கினால் தேடலாம் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. 2022 செப்டம்பரில் வந்த விஸ்பர், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்காகப் பழக்கிய மாதிரிகள் எனக் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தெளிவாகப் பேசும் ஒருவரின் குரலை இவை நன்றாகவே எழுதித் தருகின்றன. ஆனால் கோயில் பதிவில் அப்படிப்பட்ட குரல் கேட்கும் நேரம் குறைவு. மீதி நேரமெல்லாம் நாதஸ்வரம், தவில், கூட்டத்தின் ‘ரங்கா ரங்கா’, கோஷ்டியாகச் சேவிக்கும் பாசுரம்.

விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்ளும். பேச்சே இல்லாத துண்டிலும் எதையாவது எழுதிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. நாதஸ்வரத்தின் மேல் ஒரே சொற்றொடர் பத்து முறை வரிசையாக எழுதப்பட்டிருந்தால் அது கற்பனை என்று புரிந்துகொள்ளலாம். இதைப் பிடிக்க அதிலேயே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எழுதிய வரியைச் சுருக்கிப் பார்த்து, 2.4 மடங்குக்கு மேல் சுருங்கினால், திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதியிருக்கிறது என்று சந்தேகிக்கும். தமிழுக்கு இந்த எல்லை பொருந்தாது. கணினியில் தமிழின் யூனிகோடுக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அவற்றில் முதல் இரண்டு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நல்ல தமிழ் வரியே அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். எல்லையை உயர்த்தி, பேச்சு உள்ள இடங்களை மட்டும் முன்கூட்டியே பிரித்து எடுத்துக் கொடுப்பதுதான் சரியான வழி. பிரித்தெடுக்கும்போது விட்டுப்போன இடங்களுக்கு ‘இசை’ என்று ஒரு குறிச்சொல் இட்டுவிட்டால் அதுவும் தேடலுக்கு உதவும்.

பாசுரம் வேறு கதை. பழந்தமிழ், புணர்ச்சி, பலர் சேர்ந்து சொல்லும் ஓசை, மண்டபத்தின் எதிரொலி என்று எல்லாம் கூடும்போது எந்தக் கருவியும் சரியாக எழுதித் தராது. அப்படி எதிர்பார்க்கவும் வேண்டாம். நாலாயிரம் ஏற்கெனவே அச்சில் இருக்கும் நூல். இப்போது பாடப்படுவது அதில் எந்தப் பாசுரம் என்று தெரிந்தால் போதும். தப்பும் தவறுமாக வந்த எழுத்துப்படியை மூன்று மூன்று எழுத்துகளாக நறுக்கி, ஒவ்வொரு பாசுரத்திலும் எத்தனை துண்டு பொருந்துகிறது என்று எண்ணினால், பாதி எழுத்து பிழையாக இருந்தாலும் சரியான பாசுரம் மேலே வர வாய்ப்புண்டு. நாள் குறிச்சொல் இங்கேதான் தன் பலத்தைக் காட்டுகிறது. இராப்பத்தில் நாளுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி சேவிக்கப்படுகிறது. மூன்றாம் நாள் பதிவு என்று தெரிந்தால், நாலாயிரத்துக்குப் பதில் நூற்றுச் சொச்சப் பாசுரங்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். தேட வேண்டிய இடம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. தவறான பொருத்தமும் அதற்கேற்பக் குறைகிறது.

இதிலும் இரண்டு இடறல்கள் உண்டு. திருவாய்மொழி அந்தாதி, ஒரு பாசுரத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கம். எனவே எல்லைக்கு அருகில் உள்ள துண்டு இரண்டு பாசுரங்களுக்கும் சம அளவில் பொருந்தும். எல்லையை விட்டு நடுப்பகுதியை வைத்து முடிவெடுத்தால் இது சரியாகிவிடும். இரண்டாவது, அரையர் சேவை. அரையர் ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி அபிநயித்து, பிறகு தம்பிரான்படி வியாக்கியானமும் சொல்வார். பாட்டு முன்னோக்கி மட்டுமே நகரும் என்று நம்பி எழுதிய நிரல் அங்கே வழி தவறிவிடும். பத்து நிமிடமாக ஒரே பாசுரத்தில் நிரல் நிற்கிறது என்றால் அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. அரையர் சேவையாகவும் இருக்கலாம். ‘அரையர் சேவை’ என்று குறிக்கப்பட்ட பகுதியில் பின்னோக்கி வரவும் நிரலுக்கு அனுமதி தர வேண்டும்.

எழுத்துப்படி கிடைத்த பிறகு அதைத் தேடும் இடத்தில்தான் தமிழுக்கென்றே சில குழிகள் காத்திருக்கின்றன. அவற்றைச் சற்று நின்று பார்ப்போம். சிறு தொகுப்புகளுக்குப் பலரும் எடுப்பது எஸ்க்யூலைட்டின் `FTS5`. அதன் இயல்பான சொல்பிரிப்பி `unicode61`, எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘குறிகள்’ என்ற வேறு வகை. அவற்றைச் சொல்லை உடைக்கும் இடைவெளியாக அது எடுத்துக்கொள்ளும். ‘கோயில்’ என்ற சொல் க, ய, ல என்று மூன்று துண்டாகும். ‘குயில்’ என்பதும் அதே மூன்று துண்டுதான். கோயில் என்று தேடினால் குயிலும் வரும். உங்கள் அட்டவணை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. தீர்வு ஒரே வரியில் இருக்கிறது:

```sql
CREATE VIRTUAL TABLE pechu USING fts5(
  vari,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mc Mn'"
);
```

அடுத்த குழி ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்பதை இரண்டு விதமாகத் தட்டச்ச முடியும். ஒன்று ‘ஸ’ எழுத்தில் தொடங்கும். மற்றொன்று 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ எழுத்தில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒரு தன்னார்வலர் ஒரு விசைப்பலகையிலும் இன்னொருவர் வேறொன்றிலும் குறிச்சொல் இட்டிருந்தால், ஸ்ரீரங்கம் என்று தேடுபவருக்குத் தொகுப்பில் ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும். மீதி இருப்பதே அவருக்குத் தெரியாது. யூனிகோடின் வழக்கமான சீராக்கம் கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடக்கும் ஒகரத்தைச் சேர்த்துவிடும். ஆனால் இந்த இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்காது. நாமேதான் செய்ய வேண்டும்:

```python
import unicodedata

def seeraakku(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                     "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
```

அட்டவணையில் ஏற்றும்போதும், தேடுபவர் தட்டிய சொல்லின் மீதும், இரண்டு பக்கமும் இதை ஓட்ட வேண்டும். மூன்றாவது, வேற்றுமை உருபு. ‘சொர்க்கவாசல்’ என்று தேடினால் ‘சொர்க்கவாசலை’, ‘சொர்க்கவாசலில்’ வராது. கடைசிப் புள்ளியை நீக்கி `சொர்க்கவாசல*` என்று முன்னொட்டாகத் தேடினால் மூன்றும் வரும். ‘மண்டபம்’ போன்ற சொல்லுக்குக் கடைசி ‘ம்’ முழுவதையும் வெட்ட வேண்டும்; இல்லையென்றால் ‘மண்டபத்தில்’ தப்பிவிடும். முழுமையான உருபனியல் பகுப்பாய்வு இல்லாமலேயே இந்த இரண்டு விதிகள் பெரும்பாலான தேடல்களைக் காப்பாற்றிவிடும்.

மூன்றாவது வழி, காட்சியை எண்களாக்குவது. 2021-இல் வெளிவந்த கிளிப் போன்ற மாதிரிகளின் சில வடிவங்கள் ஒரு படத்தை 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றித் தரும். இதைத்தான் எம்பெடிங் என்கிறார்கள். ஒத்த காட்சிகளின் எண் வரிசைகள் அருகருகே அமையும். இதற்குப் பெரிய கணினி வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. மூன்று மணி நேரப் பதிவிலிருந்து இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 5,400 படங்கள். ஒரு படத்துக்கு 2 கிலோபைட். மொத்தம் 11 மெகாபைட். விழா 21 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 1,260 மணி நேரம், ஏறத்தாழ 22.7 லட்சம் படங்கள், 4.6 ஜிகாபைட். சாதாரண மேசைக் கணினியின் நினைவகத்தில் முழுவதுமே அடங்கிவிடும்.

காட்சி வெட்டுகளைக் கண்டுபிடித்து, வெட்டுக்கு ஒரு படம் எடுக்கும் வழக்கமான முறையை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். புறப்பாட்டை ஒரே கேமரா நெடுநேரம் வெட்டாமல் காட்டும். அதற்குள் எவ்வளவோ மாறிவிடும். கூட்டத்தில் பளிச்சிடும் ஃபிளாஷ்களோ இல்லாத வெட்டுகளை உண்டாக்கும். சீரான இடைவெளியே நல்லது. பக்கத்துப் படங்களெல்லாம் ஒன்றுபோல இருப்பதால், முதல் பத்து முடிவும் ஒரே 20 விநாடியிலிருந்து வந்து நிற்கும் தொல்லை உண்டு. முடிவுகளைக் காட்டும் முன் அருகருகே உள்ளவற்றை ஒரு காட்சியாகத் தொகுத்துவிட வேண்டும்.

எம்பெடிங் தவறும் இடங்களைப் பார்த்தால் அதன் குணம் புரியும். ஒரு படத்தைக் கொடுத்து ஒத்தவற்றைக் கேளுங்கள். எல்லாமே ஒரே தொலைக்காட்சியின் ஒளிபரப்பாக வந்தால், மாதிரி பெருமாளைப் பார்க்கவில்லை, கீழே ஓடும் எழுத்துப் பட்டையையும் மூலையிலுள்ள இலச்சினையையும் பார்த்திருக்கிறது என்று பொருள். கீழ்ப்பட்டையையும் மூலைகளையும் வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் இது பெரிதும் குறையும். எல்லாம் ஒரே காலத்து நாடாவிலிருந்து வந்தால் நிறச்சாயல்தான் குற்றவாளி. இன்னொரு நுணுக்கம்: இந்த மாதிரிகளுக்குச் சதுரப் படம்தான் வேண்டும் என்பதால், அகலத் திரைப் படத்தின் நடுவை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் அகலத்தின் 44 விழுக்காடு போய்விடும். திருச்சிவிகையின் நடுவில் பெருமாள் இருப்பார், சரி. குடையும் சாமரமும் ஸ்ரீபாதம் தாங்கிகளும் வெட்டுப்பட்டுவிடுவார்கள். இடம், வலம் என இரண்டு சதுரங்களாக எடுத்தால் அளவு இரட்டிக்கும்; நம் கணக்கில் அது 9 ஜிகாபைட்தான், தாங்கக்கூடியதே.

தங்கப் பல்லக்கு, தீவட்டி, கூட்டம் போன்றவற்றை மாதிரி அறியும். ரத்னாங்கியை அறியாது. அதற்கு அது மினுங்கும் ஆபரணம் மட்டுமே. இங்கேயும் நாள்தான் கைகொடுக்கும். ஏகாதசி நாள் பதிவில் ஒரு நல்ல படத்தைத் தெரிந்தவர் ஒருவர் ‘ரத்னாங்கி’ என்று குறிக்கட்டும். அதே நாளுக்குள் அதற்கு நெருங்கிய படங்களுக்கு அந்தக் குறிச்சொல்லைப் பரப்பி, ஐயமுள்ளவற்றை மட்டும் அவர் மீண்டும் பார்க்கட்டும். ஒருவர் 5,400 படம் பார்க்க வேண்டிய இடத்தில் சில டஜன் போதும். ஆனால் நாள் எல்லையைத் தாண்டிப் பரப்பக் கூடாது. தாண்டினால் வேறொரு நாளின் வேறோர் அங்கியும் ரத்னாங்கி ஆகிவிடும்.

இப்போது மூன்றையும் சேர்த்து ஒரு தேடலை நடத்திப் பார்க்கலாம். கேள்வி: ‘மோகினி அலங்காரம்’. எழுத்துப்படியில் முதலிடம் பிடிக்கும் காட்சி, பகல் பத்தின் ஒன்பதாம் நாள் வர்ணனையாளர் “நாளை மோகினி அலங்காரத்தில் நம்பெருமாள் சேவை சாதிப்பார்” என்று அறிவிக்கும் இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். சொல் அப்படியே இருக்கிறது, காட்சி இல்லை. உண்மையான அலங்காரம் வரும்போது அவர் வேறு ஏதோ புராணம் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த முரணைத் தீர்க்க எளிய வழி, எழுத்துப்படி, படம் ஆகிய இரண்டு பட்டியல்களிலும் உள்ள r1, r2 என்ற இடங்களை வைத்து மதிப்பெண் கூட்டுவது:

```
score = 1/(60 + r1) + 1/(60 + r2)
```

அறிவிப்புக் காட்சி எழுத்துப்படியில் 1-ஆவது, படத்தில் 40-ஆவது என்று வைத்துக்கொண்டால் 0.0264 கிடைக்கும். அலங்காரக் காட்சி எழுத்துப்படியில் 8-ஆவது, படத்தில் 3-ஆவது என்றால் 0.0306. அலங்காரம் மேலே வந்துவிடும். ‘பகல் பத்து, பத்தாம் நாள்’ என்ற குறிச்சொல்லால் முன்கூட்டியே வடிகட்டியிருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. ‘மூலவர் முத்தங்கி’ என்று தேடினால் நிலைமை இன்னும் கடினம். விழாவில் மூலவருக்கு முத்தங்கி சேவை உண்டு. மூலவரைப் படம் எடுப்பதில்லை. எழுத்துப்படியில் சொல் நிறைய வரும், காட்சி ஒன்றுகூட இருக்காது. எந்தப் படத்தையாவது காட்டி ஒப்பேற்றாமல், ‘பேச்சில் மட்டும்’ என்று தனியாகப் பிரித்துக் காட்டுவதுதான் தேடுபவருக்குச் செய்யும் நேர்மை.

மூன்று வழிகளுக்குமே எட்டாத ஒன்றும் இருக்கிறது: நடை. புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்கிகள் பெருமாளை ஏளப்பண்ணும் விதத்தில் சிம்ம கதி உண்டு, சர்ப்ப கதி உண்டு. குதிரை வாகனத்தில் வையாளி உண்டு. தனித்தனிப் படங்களில் இவை எல்லாம் ஒன்றுதான். பல படங்களின் எண்களைச் சராசரி எடுத்தால் முன்பின் வரிசையே அழிந்துவிடும். அசைவைக் கற்கும் வீடியோ மாதிரிகள் இருந்தாலும் அவை பழகியது ஓட்டம், நடனம் போன்றவற்றில். இன்றைக்கு இதற்கு வழி, இராப்பத்து எட்டாம் நாள் மணல்வெளிப் பகுதியைத் திறந்து, தெரிந்த ஒருவர் நேரத்தைக் குறித்து வைப்பதுதான்.

கட்டி முடித்த அட்டவணை வேலை செய்கிறதா என்பதை ஐம்பது கேள்விகளால் அளக்கலாம். அவற்றை நிரல் எழுதியவர் தயாரிக்கக் கூடாது. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இந்த விழாவோடு வாழ்பவர்கள் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சரியான காட்சி முதல் பத்துக்குள் வந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஐம்பதில் நாலைந்து, மூலவர் முத்தங்கியைப் போல விடையே இல்லாத கேள்விகளாக இருக்கட்டும். மாதிரியை மாற்றினால் எம்பெடிங் முழுவதையும் மறுபடி கணக்கிட்டாக வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதிரிகளின் எண்களை ஒப்பிட முடியாது. எனவே ஒவ்வொரு வரிசையோடும் மாதிரியின் பெயரைச் சேமித்து, மாற்றியபின் அதே ஐம்பது கேள்விகளை மீண்டும் ஓட்டி, எவை புதிதாகத் தவறின என்று முதலில் பார்க்க வேண்டும்.